நானூறு சொல் குறிப்பிலிருந்து ஐம்பது சொல் அட்டை

கேள்வி: "எடிசன் ஹோம் போனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பற்றி எங்கள் அருங்காட்சியகக் காப்பாட்சியர் நானூறு சொல்லில் குறிப்பு அனுப்பியிருக்கிறார். கருவியின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையில் ஐம்பது சொல்லுக்குத்தான் இடம். எந்த வரியை எடுத்தாலும் முக்கியமானது போய்விடுவதாகத் தோன்றுகிறது. எப்படிக் குறைப்பது? குறைத்ததை அவரை எப்படி ஏற்கவைப்பது?"

வரி வரியாக எடுத்துக்கொண்டே போனால் ஐம்பதுக்கு வந்து சேர முடியாது. நானூறை முந்நூறாக்குவது திருத்தும் வேலை. வளவளப்பை எடுத்தால் போதும். ஐம்பதாக்க வேண்டுமென்றால் எட்டில் ஏழு பங்கு போகவேண்டும். விஷயம் தெரிந்த காப்பாட்சியர் எழுதிய குறிப்பில் அவ்வளவு வளவளப்பு இருக்காது. அதனால்தான் எதைத் தொட்டாலும் முக்கியமாகத் தெரிகிறது. உங்கள் கணிப்பு சரிதான், எல்லாமே முக்கியம்தான். ஆனால் அந்தக் குறிப்பு பதிவேட்டைப் புரட்டும் ஆய்வாளருக்கும், நாளை அதே நாற்காலிக்கு வரப்போகும் இன்னொரு காப்பாட்சியருக்கும் எழுதப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு எழுதப்பட்டதல்ல. ஆகவே குறிப்பை இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு மூடி வையுங்கள். அட்டையைப் புதிதாக எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு குறிப்பைத் திறந்து, எழுதியது உண்மையா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். இந்த வரிசையை மட்டும் மாற்றுவதில்லை.

எழுதுமுன் ஒரு சின்ன விசாரணை. ஐம்பது என்பதில் எது எது சேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், செய்தவர், ஆண்டு, ஊர், செய்பொருள், பதிவு எண், கொடையாளர் பெயர் ஆகியவை பொதுவாகத் தனியாக, சிறிய எழுத்தில், விளக்கத்துக்கு மேலோ கீழோ வரும். அவற்றை ஐம்பதில் சேர்ப்பதில்லை. அப்படியானால் 'எடிசனின் நிறுவனம்', 'அமெரிக்கா', 'ஓக் மரப்பெட்டி' போன்ற சொற்கள் விளக்கத்தில் இன்னொரு முறை வரவேண்டியதில்லை. அதேபோல, அந்தக் கூடத்தின் நுழைவில் ஒரு பெரிய பலகை இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். எடிசன் 1877இல் தகரத் தாளில் ஒலியைப் பதிந்த கதை அங்கே இருந்தால், இங்கே அதற்கு இடமில்லை. குறிப்பில் பாதி இப்படியே உதிர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கிடைத்த இடத்தை உடனே வேறு விவரத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

அட்டையைப் படிப்பவர் நின்றுகொண்டு படிக்கிறார். பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் ஒரு கட்டுரை எழுதினார். பார்வையாளர் ஒருவர் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கவும் அட்டையைப் படிக்கவும் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படங்களோடு காட்டினார். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சு பரவியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். நூறாண்டு கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஐம்பது தமிழ்ச் சொற்களைப் படிக்கக் கால் நிமிடத்துக்கு மேலாகும். கடிகாரத்தை வைத்து நீங்களே பார்க்கலாம். அந்த நேரத்திலும் கண் அட்டையிலேயே நிலைத்திருக்காது. ஒரு வாக்கியம் படித்ததும் பொருளைப் பார்க்கும், பிறகு திரும்பி வரும், விட்ட இடத்தைத் தேடும். எனவே ஒவ்வொரு வாக்கியமும் முடிந்த இடத்தில் அதன் பொருளும் முழுமையாகிவிட வேண்டும். முந்தைய வாக்கியத்தை நினைவில் சுமந்துகொண்டுதான் அடுத்ததைப் புரிந்துகொள்ள முடியும் என்றால் ஆள் நகர்ந்துவிடுவார்.

'யாரும் அட்டையைப் படிப்பதே இல்லை' என்று சில காப்பாட்சியர்கள் சலித்துக்கொள்வார்கள். அது அப்படியல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களின் பேச்சைக் கவனித்த பாலெட் மெக்மேனஸ் 1989இல் எழுதியதை இங்கே சொல்லவேண்டும். படிக்காதவர்களைப் போலத் தெரிபவர்களின் பேச்சில்கூட அட்டையிலிருந்த சொற்கள் அப்படியே எதிரொலித்தன. குழுவில் ஒருவர் படித்து, மற்றவர்களுக்குச் சொல்கிறார். இதை உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படுத்தலாம்: ஒருவர் படித்துவிட்டுத் திரும்பிப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத்தக்க ஒன்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'நிமிடத்துக்கு 160 சுற்றாம்' என்று யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

சரி, போனோகிராஃபுக்கு வருவோம். உங்கள் குறிப்பு என் கையில் இல்லை. ஆனால் இந்தக் கருவியைப் பற்றிய குறிப்புகளில் இருக்கக்கூடியவை ஏறத்தாழ இவைதான். 1877இல் தகரத் தாள், 1880களில் சிசெஸ்டர் பெல்லும் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் மெழுகு உருளைக்கு மாறியது, 1896இல் வீடுகளுக்கான இந்த மாடல் அறிமுகம், சுருள்வில் மோட்டார், உருளையில் அங்குலத்துக்கு 100 ஒலிக்கோடு, ஏறத்தாழ இரண்டு நிமிட ஒலி, 1902 முதல் நிமிடத்துக்கு 160 சுற்றில் ஓடும்படி அச்சில் வார்த்த உருளைகள், 1908இல் அங்குலத்துக்கு 200 கோடாக்கி நான்கு நிமிடம், 1929இல் எடிசன் நிறுவனம் உருளைத் தொழிலையே கைவிட்டது. இவற்றோடு இந்தக் குறிப்பிட்ட கருவியின் கதையும் இருக்கும்: எப்போது வந்தது, ஊசி தாங்கிய முனைகள் எந்த வகை, ஒலி வெளிவரும் கூம்பு அசலா இல்லையா. வசதிக்காக, இந்தக் கருவியில் கூம்பு அசல் அல்ல, வேறொரு கருவியிலிருந்து வந்திருக்கலாம் என்று காப்பாட்சியர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இதை வெட்டி ஒட்டினால் என்ன வரும்? இப்படி ஒன்று வரும்:

"1896இல் எடிசன் நிறுவனத்தாரால் அறிமுகப்படுத்தப்பட்டதும், சுருள்வில் விசையால் இயங்குவதும், நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில், அங்குலத்துக்கு 100 கோடுகள் கொண்ட மெழுகு உருளைகளை இரண்டு நிமிடம் ஒலிக்கச்செய்ததுமான இந்தப் போனோகிராஃப், 1908இல் நான்கு நிமிட உருளைகள் வந்தபின் மாற்றியமைக்கப்பட்டு, 1929இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை உருளை வகைக் கருவிகளின் வரலாற்றில் முக்கிய இடம் வகித்தது."

எண்ணிப் பாருங்கள், நாற்பது சொல்கூட இல்லை. எண்ணிக்கைப்படி இது வெற்றி. ஆனால் படித்து முடிக்கும்போது மூச்சு வாங்குகிறது. வினை கடைசியில் ஒளிந்திருக்கிறது. அதுவரை எல்லா எண்களையும் தலையில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் கிடைப்பதும் 'முக்கிய இடம் வகித்தது' என்பதுதான். அந்தத் தொடரை எந்தப் பொருளுக்கும் ஒட்டிவிடலாம். இதைவிட மோசம், ஒரு பிழை உள்ளே நுழைந்துவிட்டது. 1929இல் நின்றது உருளைத் தொழில். இந்த மாடல் அதற்கு முன்பே விற்பனையிலிருந்து போய்விட்டது. காப்பாட்சியரின் குறிப்பில் இவை இரண்டு தனி வாக்கியங்களாகச் சரியாகத்தான் இருந்திருக்கும். அவற்றை ஒன்றாக்கிய இடத்தில் பிழை பிறந்தது. சுருக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. எந்தச் சொல்லும் தனியாகப் பொய் சொல்லாது, சொற்களின் இணைப்புதான் பொய் சொல்லும்.

ஆகவே குறிப்பை விட்டுவிட்டுப் பொருளிடம் போங்கள். பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். மரப்பெட்டி, பக்கத்தில் முடுக்கும் கைப்பிடி, மேலே உருளை, ஊசி தாங்கிய முனை, கூம்பு. அப்புறம் உருளையின் ஓரமாக ஒரு சின்ன உலோகத் துண்டு. அதன் நுனியில் ஒரு வெட்டும் விளிம்பு. இந்த வகைக் கருவிகளில் பலவற்றில் மெழுகைச் சீவும் அமைப்பு சேர்ந்தே வந்தது. உங்கள் கருவியில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிற்காலக் கருவிகளில் அது இருக்காது, சிலவற்றில் தொலைந்திருக்கும். இல்லாவிட்டால் நான் கீழே எழுதுவது உங்களுக்குப் பொருந்தாது. வேறு இழையைப் பிடிக்கவேண்டும்.

இருக்கிறது என்றால் உங்கள் அட்டை அதில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். அரை மணி நேரம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்று மக்கள் பேசுவதைக் கேளுங்கள். 'தட்டு எங்கே?' என்பார்கள், ஏனென்றால் கூம்பைப் பார்த்ததும் அவர்கள் நினைப்பது இசைத்தட்டு. 'இது இன்னும் பாடுமா?' என்பார்கள். அந்தக் கத்தியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் யார் கண்ணிலும் அது படாது. ஆனால் இந்தக் கருவி ஏன் வித்தியாசமானது என்பதை அதுதான் சொல்கிறது. பதிவு முனையை மாட்டினால் வீட்டிலிருப்பவர்கள் தங்கள் குரலைத் தாங்களே பதியலாம். பிடிக்கவில்லையென்றால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். பதியும் வசதி இல்லாத கருவி பிறர் பாடியதைக் கேட்பதற்கு மட்டும். பொருளில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, சொன்னால் ஒழியப் புரியாதது ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான் தேடவேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் சொல்லாமலே புரிவதற்குச் சொல் செலவழிக்க வேண்டாம். சொன்னாலும் கண்ணால் சரிபார்க்க முடியாதது, உதாரணமாக அங்குலத்துக்கு 100 கோடு, எவ்வளவு சரியானாலும் பதிவேட்டுக்கே போகட்டும்.

ஒரே விஷயம் என்று முடிவான பிறகு, சொல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். என் முதல் வரைவு இப்படி வந்தது:

"எடிசனின் நிறுவனம் வீடுகளுக்கென்று தயாரித்த கருவி இது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றி முடுக்கினால் உள்ளே இருக்கும் சுருள்வில் மெழுகு உருளையைச் சுழற்றும். கூம்புக்கு முன்னால் நின்று பேசினால் அந்த அதிர்வில் ஊசி மெழுகில் கோடு கீறும். பதிவு முனையைக் கழற்றிவிட்டு ஒலிப்பு முனையைப் பொருத்தி அதே கோட்டில் ஓடவிட்டால் பேசியது திரும்பக் கேட்கும். ஓர் உருளையில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பதியலாம். உருளையின் அருகே சிறிய கத்தி ஒன்று இருப்பதைப் பாருங்கள். பழைய பதிவு வேண்டாமென்றால் அது மெழுகின் மேற்பரப்பை மெல்லச் சீவிவிடும். உருளையில் மறுபடியும் பதியலாம். பின்னர் வந்த இசைத்தட்டுக் கருவிகளில் இந்த வசதி இல்லை."

69 சொல். இப்போது வெட்டலாம், ஏனென்றால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. முதல் வாக்கியம் போகட்டும். அதிலுள்ளது பெயர் வரியில் இருக்கிறது. கைப்பிடி வாக்கியமும் போகட்டும். முடுக்குவது கத்தியை நோக்கி நம்மைக் கொண்டுபோகவில்லை. இந்த இரண்டிலேயே 16 சொல் மிச்சம். 'பதிவு முனையைக் கழற்றிவிட்டு ஒலிப்பு முனையைப் பொருத்தி' என்பது செய்முறை விளக்கம், 'முனையை மாற்றி' போதும். இன்னும் மூன்று வாக்கியங்களில் ஆளுக்கொரு சொல்லாக உதிர்கிறது. கைப்பிடி வாக்கியம் போனதால் 'உருளை' என்ற சொல் முதலில் எங்கே வருகிறது என்று பார்த்து, அதை அடுத்த வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. வெட்டும்போது இதை மறந்துவிடுவார்கள்: எடுத்த வாக்கியம் அறிமுகப்படுத்திய ஒரு பொருள், அடுத்த வாக்கியத்தில் திடீரென்று முளைத்து நிற்கும். கடைசியில் மிஞ்சியது இது:

"கூம்புக்கு முன்னால் நின்று பேசினால் ஊசி அதிர்ந்து மெழுகு உருளையில் கோடு கீறும். முனையை மாற்றி அதே கோட்டில் ஓடவிட்டால் பேசியது திரும்பக் கேட்கும். ஓர் உருளைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். உருளையின் அருகே உள்ள சிறிய கத்தியைப் பாருங்கள். பழைய பதிவு வேண்டாமென்றால் அது மெழுகை மெல்லச் சீவிவிடும். உருளை மீண்டும் வெறுமையாகும். பின்னர் எங்கும் பரவிய இசைத்தட்டுக் கருவிகளில் பெரும்பாலும் கேட்க மட்டுமே முடிந்தது."

48 சொல். கடைசி வாக்கியம் மட்டும் இரண்டு சொல் வளர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குறிப்பைத் திறந்து ஒப்பிட்டபோது அந்த வாக்கியம் தேறவில்லை. 'பின்னர் வந்த இசைத்தட்டு' என்றால் தவறு. எமில் பெர்லினர் தன் தட்டுக் கருவியை 1888லேயே மேடையேற்றிக் காட்டிவிட்டார். இந்த ஹோம் மாடல் வந்தது 1896இல். தட்டு பின்னர் வந்ததல்ல, பின்னர் பரவியது. 'இந்த வசதி இல்லை' என்பதும் முழு உண்மை இல்லை. வீட்டில் பதியக்கூடிய தட்டுக் கருவிகளும் பின்னாளில் சில உண்டு. அதனால் 'பெரும்பாலும்'. மற்ற இடங்களில் சேமித்த சொற்களை இங்கே செலவழித்தேன். காப்பாட்சியரின் குறிப்பில் 'ஏறத்தாழ', 'பெரும்பாலும்', 'எனக் கருதப்படுகிறது' போன்றவற்றைப் பார்த்தவுடன் கை அவற்றைத்தான் முதலில் வெட்டப் போகும், எடுத்தால் வாக்கியம் உடையாது என்பதால். ஆனால் அவற்றை எடுத்தால் ஐயம் உறுதியாகிவிடுகிறது. ஐயத்தைச் சொல்ல இடமில்லையென்றால் அந்தத் தகவலையே முழுதாக எடுத்துவிடுவது நேர்மை.

'முதல்' என்ற சொல்லிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 'ஒலியை முதன்முதலில் பதிவுசெய்தது போனோகிராஃப்' என்று எழுதினால் ஒரு சொல் மிச்சமாகும், தகவல் பொய்யாகும். பிரான்ஸில் எத்வார் லியோன் ஸ்காட் டி மார்ட்டின்வில் 1857இலேயே ஒலி அதிர்வைப் புகை படிந்த காகிதத்தில் கோடாகப் பதியும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் கோடு பார்ப்பதற்கு மட்டும், அவர் அதைத் திரும்பக் கேட்க நினைக்கவில்லை. எடிசன் 1877இல் செய்தது பதிந்ததைத் திரும்ப ஒலிக்கவைத்தது. 'திரும்ப' என்ற ஒற்றைச் சொல்லில் வரலாறு சரியாகவோ தவறாகவோ ஆகிறது. நான் பெரும்பாலும் 'முதல்' என்பதையே அட்டையில் விடுவதில்லை. அதைக் காப்பாற்ற நாலு நிபந்தனைச் சொல் தேவைப்படும், அவ்வளவு இடம் இருக்காது.

கூம்பு அசல் இல்லை என்ற விஷயம் என்ன ஆயிற்று? அதை விளக்கத்தில் சேர்க்கவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. பெயர் வரியில், செய்பொருளுக்குப் பக்கத்தில் 'கூம்பு இந்தக் கருவிக்கு உரியதல்ல' என்று நாலு சொல். பார்வையாளர் முதலில் பார்ப்பது கூம்பைத்தான். அது வேறு கருவியினுடையது என்றால் அட்டையில் எங்காவது சொல்லியாக வேண்டும். எங்கே சொல்வது என்பதில்தான் உங்களுக்கு விருப்பம் உண்டு.

தமிழில் எழுதும்போது சொல் எண்ணிக்கை உங்களை எளிதில் ஏமாற்றும். நாம் ஒட்டி எழுதும் மொழிக்காரர்கள். 'மாற்றி அமைக்கப்பட்டு' இரண்டு, 'மாற்றியமைக்கப்பட்டு' ஒன்று. சேர்த்துச் சேர்த்து எழுதியே அறுபதை ஐம்பதாக்கிவிட முடியும். அட்டையின் நீளமோ படிக்கும் நேரமோ ஓர் இம்மிகூடக் குறையாது. எனவே வடிவமைப்பாளரிடம் கேட்டு, அந்த எழுத்தளவில் எத்தனை வரி, வரிக்கு எத்தனை எழுத்து என்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்லை எண்ணுவது தொடக்கத்தில்தான். இறுதியில் வரியை எண்ணுகிறேன். அதோடு தமிழ் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் சுழியும் கீழே வாலும் உண்டு, வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்கச் சம்மதிக்காதீர்கள். இன்னும் நாலு சொல்லை எடுங்கள்.

எச்சங்களைச் சங்கிலியாகக் கோப்பது இன்னொரு தொல்லை. 'செய்து, வைத்து, சுழற்றி, பதிந்து...' என்று போனால் சொல் குறையும், ஆனால் வினைமுற்று வருவதற்குள் படிப்பவர் பொருளைப் பார்க்கத் திரும்பிவிடுவார். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். வரி முறியும் இடமும் முக்கியம். ஸ்வீடனில் மார்கரெட்டா எகார்வ் என்ற எழுத்தாளர் 1980களில் அருங்காட்சியக உரைகளுக்கு ஒரு முறையை வகுத்தார்: வரிக்கு ஏறத்தாழ 45 எழுத்து, பேச்சில் இயல்பாக நிறுத்தும் இடத்தில் வரியை முடிப்பது, சொல்லை உடைக்காமல் இருப்பது, உரக்கப் படித்துப் பார்ப்பது, வரைவை அது தொங்கப்போகும் இடத்திலேயே ஒட்டிப் பார்ப்பது. அந்த 45 என்பதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. எழுத்தை எண்ணும் விதமே நமக்கு வேறு. மற்ற எல்லாம் பொருந்தும். 'மெழுகு' ஒரு வரியிலும் 'உருளையில்' அடுத்த வரியிலும் விழுந்தால் நான் வரியை மாற்றச் சொல்வேன்.

ஒட்டிப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரணக் காகிதத்தில் உண்மையான அளவில் அச்சடித்து, பெட்டியின் பக்கத்தில் ஒட்டி, விலகி நின்று பாருங்கள். மேலே உள்ள அட்டைக்கு வெற்றியின் அடையாளம் ஒன்றுதான்: நாலாவது வாக்கியத்துக்கு வரும்போது படிப்பவரின் தலை அட்டையிலிருந்து உருளையின் பக்கம் திரும்பவேண்டும். திரும்பியும் கத்தியைக் கண்டுபிடிக்க முடியாமல் தேடினால் 'அருகே' போதவில்லை, 'வலப்பக்கம்' 'இடப்பக்கம்' என்று சொல்லவேண்டும். எது சரி என்பது கருவி பெட்டிக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒளி அங்கே விழாமல் இருந்தால் அட்டையில் என்ன எழுதினாலும் பயனில்லை, விளக்கைத் திருப்பச் சொல்லவேண்டும். படித்து முடித்தவரிடம் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'இது எதற்கான கருவி என்று உங்கள் கூட வந்தவருக்குச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'பாட்டுக் கேட்கும் பெட்டி' என்று பதில் வந்தால் அட்டை தோற்றுவிட்டது.

இனி காப்பாட்சியர். 'சரியா, பாருங்கள்' என்று வெறும் 48 சொல்லை அனுப்பினால் அவர் நானூறில் எது இல்லை என்றுதான் பார்ப்பார். மனித இயல்பு அது. நான் எப்போதும் இரண்டு தாள் அனுப்புவேன். ஒன்றில் அட்டை. மற்றதில் விட்டவை ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்ற விவரம்: 1877 கதை நுழைவுப் பலகையில், கோடுகளின் எண்ணிக்கையும் முனைகளின் வகையும் பதிவேட்டில், 1908 மாற்றம் வழிகாட்டிகளுக்கான தாளில், பெல்லும் டெய்ன்டரும் இணையப் பக்கத்தில். தன் உழைப்பு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்தால் அவர் வேறு மனநிலையில் படிப்பார். அதோடு இரண்டே கேள்வி: இதில் எது தவறு? இதில் எது படிப்பவரைத் தவறாக நினைக்கவைக்கும்? இரண்டாவது கேள்விக்கு அவரைவிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. உதாரணமாக, கடையில் விற்ற அச்சு உருளைகளையும் மக்கள் சீவிக்கொண்டிருந்ததாக இந்த அட்டை நினைக்கவைக்கிறதா என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டில் பதிய வெற்று உருளைகள் தனியாக விற்கப்பட்டன; 'பழைய பதிவு' என்பதை 'வீட்டில் செய்த பதிவு' என்றாக்கினால் ஒரே ஒரு சொல் கூடும், 49. இப்படிக் கையில் ஒன்றிரண்டு சொல் மிச்சம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அவர் பெயரும் மரியாதையும் இதில் கலந்திருப்பதை மறக்கவேண்டாம். சக ஆய்வாளர் யாராவது அட்டையைப் படித்து 'இவருக்கு இவ்வளவுதான் தெரியுமா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் பல காப்பாட்சியர்களுக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அதற்குப் பதில் ஒரு கலைச்சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு கலைச்சொல் வரட்டும் என்றால் நான் மறுப்பதில்லை, அது கண்ணுக்குத் தெரியும் ஓர் உறுப்பின் பெயராக இருக்கும் பட்சத்தில். இரண்டாவது வந்தால் பேசவேண்டியிருக்கும்.

நான் இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் பழக்கம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நீளமான அட்டையைவிடக் குறுகிய அட்டையை அதிகம் பேர் படிக்கிறார்கள் என்பதற்கு ஆய்வு இருக்கிறது; ஸ்டீபன் பிட்குட் போன்றவர்கள் 150 சொல் அட்டை ஒன்றை மூன்று 50 சொல் அட்டைகளாகப் பிரித்து வைத்தபோது படிப்பவர்கள் கூடினார்கள். ஆனால் ஐம்பது என்ற எண் விதியல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், ஆய்வுகள் ஆங்கிலத்தில் நடந்தவை, தமிழில் ஐம்பது சொல் ஆங்கில ஐம்பதைவிட அதிகம் சுமக்கும். 'ஒரு அட்டைக்கு ஒரு விஷயம்' என்பதும் 'இரண்டு எச்சம்' என்பதும் என் கைப்பழக்கம். வேறு விதமாக எழுதி வெற்றிபெறுபவர்கள் உண்டு. பிட்குட் செய்ததிலிருந்து உங்களுக்கு ஒரு வழியும் கிடைக்கிறது: காப்பாட்சியர் 1908 மாற்றத்தை விடவே மாட்டேன் என்று நின்றால், அதை இதே அட்டைக்குள் திணிக்காமல், பக்கத்தில் ஒரு நான்கு நிமிட உருளையை வைத்து அதற்கென்று தனியாக ஓர் அட்டை கேளுங்கள். அப்போது அந்த 200 கோடும் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயமாகிவிடும், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டும் வைத்தால்.

இந்த முறை எல்லாப் பொருளுக்கும் சரிவராது. மனித உடல் எச்சங்கள், பறித்துவரப்பட்டதாக வழக்கில் இருக்கும் பொருள்கள், இன்றும் யாரோ வழிபடும் பொருள்கள் போன்றவற்றில் 'பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத்தக்க ஒன்று' என்ற அளவுகோலை வைத்து எழுதக்கூடாது. அங்கே எதை விடுகிறோம் என்பதைக் காப்பாட்சியரும் நீங்களும் மட்டும் முடிவுசெய்யவும் முடியாது, அந்தப் பொருளுக்கு உரிய சமூகத்தையும் கேட்கவேண்டும். அவற்றுக்கு ஐம்பது போதாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் போனோகிராஃபுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கத்தி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் பெட்டியில் வேறு என்ன தெரிகிறது என்று பட்டியல் போட்டு இங்கே சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.